குடித்துவிட்டு ஓட்டிய வண்டி: இழப்பீட்டை யார் கட்டுவது?

2007 டிசம்பர் 22. இன்னும் விடியவில்லை. டெல்லியில் இந்தியா கேட் பக்கம் ஒரு போர்ஷே கார் வேகமாக வந்து நடைபாதையில் ஏறி மோதியது, கவிழ்ந்தது, தீப்பிடித்தது. கார் ஒரு தனியார் நிறுவனத்துக்குச் சொந்தம். ஓட்டியவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பரிசோதித்த மருத்துவர், அவரிடம் மது வாடை வீசியதாக எழுதிவைத்தார். ரத்தம் எடுத்து மதுவின் அளவு பார்க்கவில்லை. ஊதிப் பார்க்கும் கருவியையும் யாரும் நீட்டவில்லை.

எரிந்துபோன காருக்கு உரிமையாளர் நிறுவனம் காப்பீட்டுத் தொகை கேட்டது. ஓட்டுநர் போதையில் இருந்தார், அதனால் தர முடியாது என்று இஃப்கோ டோக்கியோ நிறுவனம் கைவிரித்தது. வழக்கு நுகர்வோர் மன்றங்களில் படியேறியது. மாநில ஆணையம் காப்பீட்டு நிறுவனத்தின் பக்கம் நின்றது. தேசிய ஆணையம் அதைப் புரட்டிப்போட்டது. கடைசியில் 2021 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கார் எரிந்து பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

வழக்கு நெடுக ஓடிய கேள்வி ஒன்றே: அளவே எடுக்காதபோது ‘போதையில் இருந்தார்’ என்று எப்படிச் சொல்லலாம்? இதற்குக் கிடைத்த பதில் பணக்காரர்களின் போர்ஷேவோடு நிற்பதில்லை. டாடா ஏஸ் வைத்திருப்பவரையும் ஸ்பிளெண்டர் ஓட்டுபவரையும் அதே அளவுக்குப் பாதிக்கிறது.

முதலில் சட்டம் சொல்லும் அளவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் சிறை இரண்டு ஆண்டு வரை போகலாம், அபராதம் 15,000 ரூபாய். இது ஓட்டியவருக்கும் அரசுக்கும் இடையிலான கணக்கு. விபத்து நடந்துவிட்டால் இதற்கு அப்பால் பணக் கணக்கு ஒன்று தொடங்குகிறது. தமிழ்நாட்டில் பலரும் குழம்புவது அதில்தான். ‘டிரைவர் குடிச்சிருந்தா இன்சூரன்ஸ் செல்லாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியில் பாதிதான் உண்மை. அந்தப் பாதியை மட்டும் நம்பி, கிடைக்க வேண்டிய பணத்தைக் கேட்காமலே விட்ட குடும்பங்கள் உண்டு.

ஒரே விபத்திலிருந்து ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கோரிக்கைகள் கிளம்பும். அடிபட்டவரோ இறந்தவரின் குடும்பமோ கேட்கும் இழப்பீடு ஒன்று. அது ‘தேர்ட் பார்ட்டி’ பாதுகாப்பின் கீழ் வருகிறது. நொறுங்கிய வண்டிக்கு அதன் உரிமையாளர் கேட்கும் தொகை இன்னொன்று. ஓட்டிய உரிமையாளரே இறந்தால் அவருடைய குடும்பம் கேட்கும் தனிநபர் விபத்துத் தொகையும் இருக்கிறது. மது வாடை இவை எல்லாவற்றையும் ஒரே மாதிரி தொடுவதில்லை.

அடிபட்டவர் கதையை முதலில் பார்க்கலாம். 2017 டிசம்பர் கடைசியில், சென்னையை ஒட்டிய திருநீர்மலை பிரதான சாலையில் ஒரு வேன் மோதி ஒருவர் இறந்தார். வேன் ஓட்டுநர் குடித்திருந்தார் என்பது வழக்கில் வந்தது. குடும்பம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. தீர்ப்பாயம் 27 லட்சம் ரூபாய்க்கு மேல் நிர்ணயித்தது. ஆனால் ஓட்டுநர் போதையில் இருந்ததால் காப்பீட்டு நிறுவனத்தை விடுவித்துவிட்டு, முழுத் தொகையையும் வேன் உரிமையாளரே கட்ட வேண்டும் என்றது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் குடும்பத்துக்கு இது பெரிய அடி. உரிமையாளரிடம் பணம் இருக்கிறதா, இருந்தாலும் கொடுப்பாரா, சொத்தை வேறு பெயருக்கு மாற்றிவிடுவாரா என்று யாருக்கும் தெரியாது. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிறைவேற்ற மனுவோடு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். குடும்பம் மேல்முறையீடு செய்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தொகையை 30 லட்சத்துக்கு மேல் உயர்த்தியதோடு, காப்பீட்டு நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. 2013இல் ஆட்டோவில் போனவர்மீது கார் மோதிய வழக்கில், 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றமும் இதே வழியைத்தான் காட்டியிருந்தது.

நீதிமன்ற வட்டாரத்தில் இந்த உத்தரவுக்கு ‘பே அண்ட் ரெக்கவர்’ என்று பெயர். இதன் தர்க்கம் எளிமையானது. மூன்றாம் நபர் காப்பீடு சாலையில் போகிறவருக்காகச் சட்டம் கட்டாயமாக்கிய பாதுகாப்பு. வண்டிக்காரர் விருப்பப்பட்டு வாங்கும் சரக்கு என்று அதைக் கருத முடியாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் வண்டிக்காரருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் குடிக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கலாம். அதை மீறியவர் வண்டிக்காரரோ அவருடைய ஓட்டுநரோதான். சாலையோரம் நடந்துபோனவர் எந்த நிபந்தனையையும் மீறவில்லை. ஆகவே அவருக்குப் பணம் போய்ச் சேரட்டும், மீறியவர்கள் தங்களுக்குள் கணக்கைத் தீர்த்துக்கொள்ளட்டும்.

உரிமையாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ‘கம்பெனி கட்டிடுச்சு, முடிஞ்சது’ என்று நிம்மதி அடைந்தவர்களுக்கு அடுத்து வருவது வசூல் நோட்டீஸ். நிறுவனம் தனி வழக்குப் போட வேண்டியதில்லை என்றும், அதே நிறைவேற்று நீதிமன்றத்திலேயே உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2004இல் நஞ்சப்பன் வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. முழுத் தொகைக்கும் பிணை காட்டச் சொல்லலாம், விபத்துக்குக் காரணமான வண்டியையே அதன் பகுதியாக முடக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஒரே ஒரு வேனை வைத்துப் பிழைப்பவருக்கு 30 லட்சமும் வட்டியும் என்றால் வேன் மட்டும் போதாது, வீடும் ஆட்டம் காணும். ஓட்டியது சம்பள ஓட்டுநராக இருந்தாலும், அவர் வேலையின்போது செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய விதி.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு விபத்துகளும் பழைய சட்டம் நடப்பில் இருந்தபோது நடந்தவை. எந்தெந்தக் காரணங்களைச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் தப்பிக்கலாம் என்று 149ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருந்தது. உரிமம் இல்லாதவர் ஓட்டியது அதில் உண்டு, குடித்திருந்தது கிடையாது. 2019 திருத்தம் அந்தப் பட்டியலை 150ஆம் பிரிவுக்கு நகர்த்தி, 185ஆம் பிரிவில் சொன்னபடி மது அல்லது போதைப்பொருளின் தாக்கத்தில் ஓட்டுவதையும் சேர்த்துக்கொண்டது. இது நடைமுறைக்கு வந்தது 2022 ஏப்ரல் 1 அன்று. அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த விபத்துகளில் காப்பீட்டு நிறுவனங்களின் வக்கீல்கள் இந்த வரியை உயர்த்திப் பிடிக்கிறார்கள். பிரிவு 185ஐப் பெயர் சொல்லிச் சேர்த்ததால் இன்னொரு கேள்வியும் எழுகிறது. வெறும் வாடை போதாது, 30 மில்லி கிராம் தாண்டியதற்குச் சான்று வேண்டும் என்று அடிபட்டவர் தரப்பு வாதாட இது இடம் கொடுக்கிறது.

சான்று காட்ட வேண்டியது யார்? நிபந்தனை மீறப்பட்டது என்று சொல்கிற காப்பீட்டு நிறுவனம்தான். 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு இதை உறுதியாகச் சொன்னது. மீறல் நடந்தது என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும். உரிமையாளரின் அலட்சியமும் அதில் இருந்ததா என்று பார்க்க வேண்டும். நடைமுறையில் பல நிறுவனங்கள் முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தாக்கல் செய்துவிட்டு, ‘ஓட்டுநர் குடித்திருந்தார் என்று இதிலேயே இருக்கிறது’ என்று உட்கார்ந்துவிடும். எழுதிய காவலரையும் பரிசோதித்த மருத்துவரையும் சாட்சிக் கூண்டுக்குக் கொண்டுவராமல் விட்டால் அந்த வாதம் நொண்டும். அடிபட்டவரின் வக்கீல் முதலில் தட்டிப் பார்க்கும் இடமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது இரண்டாவது கோரிக்கை, நொறுங்கிய வண்டிக்கான பணம். இங்கே அனுதாபம் எதுவும் எடுபடாது. ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று நம் ஊரில் சொல்லும் முழுக் காப்பீட்டுப் பத்திரத்தின் உள்ளே ஒரு விலக்கு இருக்கிறது. உரிமையாளரோ, அவருக்குத் தெரிந்து அவர் சம்மதத்தோடு வண்டி ஓட்டுகிறவரோ மதுவின் தாக்கத்தில் இருக்கும்போது ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது. ‘நான் குடிக்கச் சொல்லலையே, டிரைவர் குடிச்சது எனக்குத் தெரியாதே’ என்று உரிமையாளர் சொல்வதுண்டு. வாசகத்தை இன்னொரு முறை படித்தால், தெரிந்திருக்க வேண்டியது வண்டி ஓட்டுகிறார் என்பதுதான் என்று புரியும். குடித்தது தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் இல்லை. சாவியைக் கொடுத்தபோதே சம்மதம் கொடுத்தாயிற்று.

போர்ஷே வழக்கு நின்றது இந்த விலக்கின்மேல்தான். உரிமையாளர் தரப்பின் பிடி வலுவாகவே இருந்தது. சட்டம் 30 மில்லி கிராம் என்று அளவு வைத்திருக்கிறது, அந்தச் சோதனை நடக்கவில்லை, வாடை அடிப்பதும் போதையில் இருப்பதும் ஒன்றாகாது. தேசிய ஆணையம் இதை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 185ஆம் பிரிவு ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது பற்றியது, அதனால் அங்கே கறாரான அளவு வேண்டியிருக்கிறது. காப்பீட்டுப் பத்திரத்தில் 30 என்ற எண்ணே கிடையாது, ‘தாக்கத்தில்’ என்று மட்டும் இருக்கிறது. அது வேறு கேள்வி. அதைச் சூழ்நிலையை வைத்தும் நிரூபிக்கலாம் என்றது நீதிமன்றம்.

சூழ்நிலை என்ன? தலைநகரின் நடுவே அகலமான சாலை, வண்டி நடமாட்டம் குறைந்த வேளை. வேறு வாகனம் குறுக்கே வந்ததாகச் செய்தி இல்லை. சக்திவாய்ந்த கார் தானாகவே கட்டுப்பாட்டை இழந்து, கவிழ்ந்து எரியும் அளவுக்கு மோதுகிறது. ஓட்டியவரிடம் மது வாடை. கண்மூடித்தனமாக ஓட்டியதாகக் குற்றவியல் நீதிமன்றத்தில் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். இத்தனையும் ஒன்றாக நிற்கும்போது, விபத்து வேறு எப்படி நடந்தது என்று விளக்க வேண்டியவர்கள் ஓட்டியவரும் உரிமையாளரும். அவர்களிடம் நம்பும்படியான விளக்கம் இல்லை. காப்பீட்டு நிறுவனம் வென்றது.

இந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு ‘வாடை இருந்தாலே காசு கிடையாது’ என்று சில நிறுவனங்கள் கடிதம் அனுப்புவது அத்துமீறல். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. 185ஆம் பிரிவின்கீழ் தண்டனை உறுதியாகியிருந்தால் நிறுவனத்தின் மறுப்பு பெரும்பாலும் நிற்கும். சோதனையில் மதுவே இல்லை என்று வந்தால் நிறுவனம் இந்த விலக்கைத் தொடவே முடியாது. இடைப்பட்டவற்றில் எல்லாச் சூழலையும் சேர்த்து எடைபோட வேண்டும். சிக்னலில் நின்ற காரைப் பின்னால் வந்த லாரி இடித்தது என்று வைத்துக்கொள்வோம். கார் ஓட்டியவரிடம் லேசான வாடை இருந்தது. போர்ஷே வழக்கின் தர்க்கத்தை இங்கே நீட்டுவது கடினம், ஏனென்றால் இடித்தது யார் என்பதில் சந்தேகமே இல்லை.

இவ்வளவுக்கும் அடித்தளம் விபத்து நடந்த முதல் சில மணி நேரத்தில் போடப்படுகிறது. குடித்து ஓட்டியதாகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்கிறது 202ஆம் பிரிவு. இந்த அவசரத்துக்குக் காரணம் உடலின் இயல்பு. ரத்தத்தில் உள்ள மதுவைக் கல்லீரல் கரைத்துக்கொண்டே இருக்கும். சராசரியாக மணிக்கு 100 மில்லி லிட்டருக்கு 15 மில்லி கிராம் என்ற கணக்கில் அது இறங்கும். இரவு பத்து மணிக்கு விபத்து, நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள், அளவு 25 என்று வந்தது என்றால், சட்டப்படி வரம்புக்குள். ஆனால் நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 60 இறங்கியிருக்கும், விபத்து நேரத்தில் 85 அளவில் இருந்திருக்கலாம். ஆளுக்கு ஆள் இந்த வேகம் மாறும் என்பதால் இது கணிப்புதான். நிபுணர் சாட்சியம் இல்லாமல் அதை யாரும் நிலைநாட்ட முடியாது.

ரத்தம் எடுக்கும் முறையிலும் ஓட்டைகள் விழும். ஊசி குத்தும் இடத்தை வழக்கம்போல ஸ்பிரிட் பஞ்சால் துடைத்திருந்தால், அந்த மதுவே மாதிரியில் கலந்தது என்று வாதிடலாம். மாதிரி நொதித்துப் புதிதாக மது உண்டாகாமல் இருக்க சோடியம் புளோரைடு சேர்த்த குழாயில் எடுக்க வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்து, வெயிலில் கிடந்து, பல நாள் கழித்து ஆய்வகம் போன மாதிரியின் எண்ணை நம்பி ஒரு குடும்பத்தின் இழப்பீட்டை முடிவுசெய்வது ஆபத்து. யார் எடுத்தார், எப்போது எடுத்தார், எப்போது ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்ற மூன்று விவரத்தையும் கேட்டுப் பார்க்கும் வக்கீல்களே இங்கே வேலைக்கு ஆவார்கள்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான வழக்குகளில் இந்த ஆய்வக எண்கூட இருப்பதில்லை. இருப்பது அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல், பேச்சு வழக்கில் ‘ஏ.ஆர். காப்பி’. அவசரப் பிரிவில் பணியில் இருந்த மருத்துவர், காயங்களோடு சேர்த்து மது வாடை இருந்ததாக ஒரு வரி எழுதியிருப்பார். பேச்சு குழறியதா, நடை தள்ளாடியதா, கண் பாவை விரிந்திருந்ததா என்று விரிவாக எழுத அந்த நெரிசலில் அவருக்கு நேரம் இருப்பதில்லை. அந்த ஒரு வரி பிற்பாடு லட்சங்களைத் தீர்மானிக்கும். ஏ.ஆர். காப்பியை முதல் வாரத்திலேயே வாங்கிப் படிக்க வேண்டும் என்று வக்கீல்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

இந்த வரியைக் கண்டு பயந்து சிலர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. குடிக்காத தம்பியோ மைத்துனரோதான் ஓட்டினார் என்று கிளெய்ம் படிவத்தில் எழுதிவிடுவார்கள். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் விசாரணையாளர் முதலில் ஒப்பிடுவது படிவத்தில் உள்ள பெயரையும் ஏ.ஆர். காப்பியிலும் முதல் தகவல் அறிக்கையிலும் உள்ள பெயரையும்தான். காயம் இல்லாத ‘ஓட்டுநரும்’ ஸ்டியரிங் பக்கம் அடிபட்ட ‘பயணியும்’ உடனே கண்ணில் படும். மது பற்றிய சந்தேகத்துக்காவது வாதாட இடம் இருந்தது. பொய்த் தகவல் என்று ஆனபின் அதுவும் போய்விடும், காவல் நிலையத்தில் புதிய வழக்கும் வரலாம்.

மூன்றாவது கோரிக்கையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் இளக்கம் குறைவு. உரிமையாளரே ஓட்டி இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறது. அவர் மதுவின் தாக்கத்தில் இருந்தார் என்று நிரூபணமானால் அந்தத் தொகை கிடைக்காது. தன் தவறால் தானே அடிபட்டவர் மூன்றாம் நபரும் ஆக மாட்டார், எனவே ‘பே அண்ட் ரெக்கவர்’ அவருடைய மனைவி மக்களுக்கு உதவாது. குடித்து ஓட்டியதன் விலையை முழுதாகச் செலுத்துவது பல நேரங்களில் இந்தக் குடும்பம்தான்.

அடிபட்டவரே குடித்திருந்தால்? சாலையைக் கடந்தவரின் ஏ.ஆர். காப்பியில் வாடை என்று இருந்தால், அவர் பங்குக்கும் கவனக்குறைவு உண்டு என்று சொல்லி இழப்பீட்டில் ஒரு விழுக்காட்டைக் கழிக்கச் சொல்வது நிறுவனங்களின் வழக்கம். அவருடைய போதைதான் விபத்துக்கு வழி செய்தது என்று காட்டினால்தான் அந்தக் கழிவு நியாயம். ஓரமாக நின்றவர்மீது பேருந்து ஏறினால், அவர் குடித்திருந்தாரா இல்லையா என்பதற்கும் விபத்துக்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குற்றவியல் வழக்கும் இழப்பீட்டு வழக்கும் தனித்தனிப் பாதையில் போகின்றன. போதையில் ஓட்டிய குற்றத்திலிருந்து ஓட்டுநர் விடுதலையாகிவிட்டார் என்பதால் இழப்பீட்டு வழக்கு தோற்றுவிடாது. தீர்ப்பாயத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்கக்கூடிய சாத்தியம் அதிகம் என்று பார்த்தால் போதும்.

எனவே விபத்தில் ஒருவரை இழந்த குடும்பத்திடம், ‘அந்த டிரைவர் குடிச்சிருந்தான், இன்சூரன்ஸ்ல ஒண்ணும் வராது’ என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டு உட்கார்ந்துவிட வேண்டாம். ஏ.ஆர். காப்பி, முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, வண்டியின் காப்பீட்டு விவரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மனுப் போடுங்கள். மனுவில் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, நிறுவனமே முதலில் கட்டி வசூலித்துக்கொள்ளட்டும் என்று கேளுங்கள். மனுத் தாக்கல் செய்ய 166ஆம் பிரிவு வைத்திருக்கும் கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம்.